501ஆவது யூனிட்டை முதலில் எங்கே எழுதுவது?

எழுத ஒரு விஷயம் கிடைத்ததும் அதை எங்கே போடுவது என்பதைப் பெரும்பாலும் நீளத்தை வைத்துத்தான் முடிவு செய்கிறோம். நாலு வரிக்குள் அடங்கினால் த்ரெட், நாலு பக்கம் வந்தால் வலைப்பதிவு, இரண்டுக்கும் நடுவில் என்றால் நியூஸ்லெட்டர் என்கிற மின்னஞ்சல் மடல். இந்தக் கணக்கு பல நேரம் தவறான இடத்தில் கொண்டுபோய் விடுகிறது. எழுதியது பிழையானாலோ பழையதானாலோ அந்தத் திருத்தம் யாரைப் போய்ச் சேர வேண்டும் என்று கேட்டுப் பார்த்தால் முதலிடம் எது என்பது பெரும்பாலும் தெளிவாகிவிடும்.

மூன்று இடங்களும் திருத்தத்தை மூன்று விதமாக நடத்துகின்றன. வலைப்பதிவில் ஒரு எண்ணை மாற்றினால், நாளை கூகுளில் தேடி வருபவர் சரியான எண்ணைப் பார்ப்பார். நேற்றே படித்துவிட்டுப் போனவருக்கு அது தெரியாது. மடல் நேர் எதிர். போன மடலைத் திரும்ப எடுக்க வழியே இல்லை, ஆனால் அதே முகவரிகளுக்கு இன்னொரு மடல் அனுப்பலாம்; தவறைப் படித்தவர்களையே திருத்தமும் தேடிப் போகும். த்ரெட்டில் இரண்டுக்குமே உத்தரவாதம் கிடையாது. ஆயிரம் பேர் பகிர்ந்த முதல் ட்வீட்டுக்குக் கீழே "திருத்தம்" என்று போடுவதை நாற்பது பேர் பார்த்தால் அதிகம். ஆனால் வேறு எங்கும் கிடைக்காத ஒன்று த்ரெட்டில் கிடைக்கும். எழுதினவரையே ஊர் திருத்தும், அதுவும் ஒரு மணி நேரத்துக்குள்.

இதை ஒரு நிஜமான விஷயத்தில் வைத்துப் பார்க்கலாம். தமிழ்நாட்டு வீட்டு மின்கட்டணத்தில் 500 யூனிட் என்ற எல்லை எல்லோருக்கும் தெரிந்ததுதான். அதைத் தாண்டினால் பில் எகிறும் என்பார்கள். எவ்வளவு எகிறும் என்று கணக்குப் போட்டவர்கள் குறைவு. 2022 செப்டம்பரில் வந்த கட்டணத்தை எடுத்துக்கொள்வோம். இரண்டு மாதத்துக்கு 500 யூனிட் வரை என்றால் முதல் 100 இலவசம், 101 முதல் 200 வரை யூனிட்டுக்கு 2.25 ரூபாய், 201 முதல் 400 வரை 4.50, கடைசி 100க்கு 6 ரூபாய். மொத்தம் 1,725. மீட்டர் 501ஐக் காட்டினால் 101 முதல் 200 வரைக்குமான அந்த 2.25 காணாமல் போய், அந்த நூறு யூனிட்டுக்கும் 4.50 விழும். 501ஆவது யூனிட்டுக்கு 8 ரூபாய். மொத்தம் 1,958. ஆக, ஒரே ஒரு யூனிட்டின் விலை 233 ரூபாய்.

எழுதத் தெரிந்த எவருக்கும் இதைப் பார்த்ததும் கை துறுதுறுக்கும். ஒரே வரியில் அடங்குகிறது, ஆச்சரியம் இருக்கிறது, ஒவ்வொருவரும் தன் பில்லை எடுத்துச் சரிபார்க்கலாம். நீளக் கணக்குப்படி இது த்ரெட். ஆனால் இதில் உண்மையில் மூன்று எண்ணங்கள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. பிரித்துப் பார்த்தால் மூன்றுக்கும் மூன்று முதலிடம்.

முதல் எண்ணம் அந்தக் கணக்கேதான்: எந்த ஸ்லாபில் எவ்வளவு, 500ஐத் தாண்டினால் என்ன ஆகும், 600க்கு எவ்வளவு, 800க்கு எவ்வளவு. இதில் வாதம் எதுவும் இல்லை. இதற்கு இருக்கும் ஒரே ஆபத்து, பழையதாகிவிடுவது. அது நடந்தும் விட்டது. 2024 ஜூலையில் விலைகள் மறுபடி மாறின. 2022இல் யாராவது இந்தப் பட்டியலை த்ரெட்டாகப் போட்டிருந்தால், அதன் ஸ்கிரீன்ஷாட் குடும்ப வாட்ஸப் குழுக்களில் தேதி இல்லாமல் இன்னமும் சுற்றிக்கொண்டிருக்கும். அதைப் பார்ப்பவர் தன் பில்லோடு ஒப்பிட்டு, பில்லில்தான் தப்பு என்று நினைப்பார். இதைத் தேடி வருபவர்களும் ஒரே நாளில் வருவதில்லை. ரீடிங் எடுக்கும் நாள் வீட்டுக்கு வீடு வேறு. ஒவ்வொரு வீட்டுக்கும் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை அந்தக் கேள்வி எழும். திருத்தம் சேர வேண்டியது இனி வருபவர்களுக்கு. ஆகவே இது முதலில் வலைப்பதிவு.

அங்கே எழுதும்போது செய்ய வேண்டியவை சில உண்டு. பதிவின் முதல் வரியிலேயே எந்தத் தேதியின் கட்டணம் என்று எழுதிவிட வேண்டும், கூடவே கடைசியாகத் திருத்திய தேதியும். விலை மாறும்போது புதிய பட்டியல் மேலே வரட்டும், பழையதை அழிக்காமல் அதன் தேதியோடு கீழே தள்ளுங்கள். பழைய பில் ஒன்றைப் பற்றிச் சண்டை போட்டுக்கொண்டிருப்பவருக்கு அந்தப் பழைய பட்டியல்தான் வேண்டியிருக்கும். புதிய கட்டணத்துக்குப் புதிய பதிவு போடுகிற பழக்கம் நல்லதல்ல. பழைய பதிவுக்குத்தான் இணைப்புகள் சேர்ந்திருக்கும், கூகுளும் அதையே முன்னால் காட்டும், வருபவர் பழைய விலையைப் படித்துவிட்டுப் போய்விடுவார்.

இன்னொன்று, தமிழில் எழுதுபவர்களுக்கே உரிய சிக்கல். வேர்ட்பிரஸில் தமிழ்த் தலைப்பு கொடுத்து அப்படியே வெளியிட்டால், அந்தத் தலைப்பே முகவரியாக மாறும். முகவரியில் ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் `%E0%AE%95` போல ஒன்பது எழுத்தாக விரிகிறது. முகவரியின் அந்தப் பகுதிக்கு வேர்ட்பிரஸ் ஒதுக்கியிருப்பது 200 எழுத்து. அதாவது 22 தமிழ்க் குறியீடுகளோடு தலைப்பு வெட்டப்பட்டுவிடும். அதை வாட்ஸப்பில் ஒட்டினால் ஒரு திரை நிறையச் சதவீதக் குறிகள் நிற்கும், பார்ப்பவர் ஏதோ மோசடி இணைப்பு என்று பயப்படுவார். பிளாகரில் வேறு மாதிரி. தமிழ்த் தலைப்பைக் கண்டால் அது `blog-post_12.html` என்று ஏதோ ஒன்றை வைத்துவிடும். இரண்டுக்கும் தீர்வு ஒன்றே. வெளியிடுவதற்கு முன்பு `minkattanam-500-unit` என்பதுபோல ஆங்கில எழுத்தில் முகவரியை நாமே அமைத்துவிட வேண்டும். அதில் ஆண்டைச் சேர்க்கக் கூடாது, ஏனென்றால் இந்தப் பதிவு அடுத்த கட்டண மாற்றத்துக்குப் பிறகும் உயிரோடு இருக்க வேண்டியது. வெளியிட்ட பிறகு முகவரியை மாற்றினால் அதுவரை பகிர்ந்தவை உடையலாம். முதலிடத்தை முன்கூட்டியே யோசிப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

இரண்டாவது எண்ணம் வாடகை வீடுகளைப் பற்றியது. வீட்டுக்காரர் சப்மீட்டர் வைத்து, ஸ்லாப் எதையும் பார்க்காமல் யூனிட்டுக்கு இவ்வளவு என்று ஒரே விலையில் வசூலிப்பது பல ஊர்களில் நடக்கிறது. அந்த விலை எவ்வளவு? சென்னையில் ஒன்று, கோவையில் ஒன்றா? 100 யூனிட் இலவசம் யாருக்குப் போகிறது? இதை எழுத உட்கார்ந்தால், எழுதினவருக்குத் தெரிந்தது நாலைந்து வீடு மட்டுமே என்பது இரண்டாம் பத்தியிலேயே தெரிந்துவிடும். இங்கே திருத்தம் தேவைப்படுவது எழுதுபவருக்கு. ஆகவே த்ரெட்.

வலைப்பதிவில் இதை முதலில் போட்டால் என்ன கெடும்? வாக்கியத்துக்கு வாக்கியம் "இருக்கலாம்", "பெரும்பாலும்", "சில இடங்களில்" என்று நிற்கும். அப்படி ஒரு பத்தியில் மூன்று வந்துவிட்டாலே அந்த எண்ணம் வலைப்பதிவுக்கு இன்னும் பழுக்கவில்லை என்று எடுத்துக்கொள்ளலாம். தமிழ்மணம் போன்ற திரட்டிகள் உயிர்ப்போடு இருந்த காலத்தில் அரைகுறைப் பதிவு போட்டாலும் பின்னூட்டத்தில் வந்து நிரப்பிவிட்டுப் போவார்கள். இன்று அந்தக் கூட்டம் பின்னூட்டப் பெட்டிக்கு வருவதில்லை. கேள்வியோடு போகிற எண்ணம் ஆட்கள் இருக்கிற தெருவுக்குத்தான் போக வேண்டும்.

த்ரெட் எழுதும்போது இடத்தின் அளவைத் தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது. ட்விட்டர், இப்போதைய எக்ஸ், இலவசக் கணக்குக்கு ஒரு ட்வீட்டில் 280 இடம் தருகிறது. தமிழில் அது எழுத்தைக் கணக்கிடுவதில்லை, யூனிகோட் குறியீட்டைக் கணக்கிடுகிறது. புள்ளியும் கொக்கியும் தனித்தனி. பைத்தானில் எண்ணிப் பார்த்தால் தெரியும், முதல் எண் குறியீடுகள், இரண்டாவது பைட்டுகள்:

```
>>> len("தமிழ்")
5
>>> len("தமிழ்".encode("utf-8"))
15
```

நாம் மூன்று எழுத்து என்று சொல்லும் "தமிழ்" அங்கே ஐந்து இடம் பிடிக்கிறது. ஒரு ட்வீட்டில் சராசரியாக முப்பது தமிழ்ச் சொற்கள் நிற்கும், நம் ஒட்டுச் சொற்களால் சில நேரம் இருபத்தைந்துதான். பத்து ட்வீட் போட்டாலும் முந்நூறு சொல்தான் ஆகும். புளூஸ்கை இதில் தமிழுக்குத் தாராளம். அது 300 என்று கணக்கிடுவது நாம் கண்ணால் பார்க்கும் எழுத்தை, அங்கே "தமிழ்" மூன்றுதான். எப்படியானாலும், ஏழெட்டு ட்வீட்டுக்குள் அடங்காத தமிழ் த்ரெட்டைக் கடைசி வரை படிப்பவர்கள் குறைவு. அதற்கு மேல் போகிறது என்றால் அதற்குள் ஒரு வலைப்பதிவு ஒளிந்திருக்கிறது என்று அர்த்தம்.

இதைவிட முக்கியமான ஒன்று உண்டு. த்ரெட் த்ரெட்டாகப் பயணிப்பதில்லை, அதிலிருந்து பிய்ந்த ஒரு துண்டாகத்தான் போகும். மூன்றாவது ட்வீட்டை மட்டும் ஒருவர் எடுத்துப் பகிர்வார், முதல் ட்வீட்டை மட்டும் ஒருவர் படம் பிடிப்பார். அதனால் ஒரு வாக்கியம் உண்மையாவதற்கு எந்த நிபந்தனை வேண்டுமோ, அது அந்த வாக்கியத்துக்குள்ளேயே இருக்க வேண்டும். 501 கணக்கை த்ரெட்டில் சொல்ல நேர்ந்தால் இப்படி எழுதலாம்: "2022 செப்டம்பர் கட்டணப்படி, தமிழ்நாட்டு வீடுகளுக்கான இருமாத பில்லில் 501ஆவது யூனிட்டின் விலை 8 ரூபாய் அல்ல, 233 ரூபாய்." தேதி, ஊர், கால அளவு எல்லாம் சேர்ந்தும் இது 119 இடம்தான். எவ்வளவு நீளமான இணைப்பானாலும் எக்ஸ் அதற்கு 23 இடம் எடுத்துக்கொள்ளும், ஆகவே வலைப்பதிவின் முகவரியும் தாராளமாக உள்ளே வரும். "எந்த ஆண்டுக் கட்டணம்?" என்று மூன்று பேர் கீழே வந்து கேட்டார்கள் என்றால், நிபந்தனை தப்பான ட்வீட்டில் உட்கார்ந்திருக்கிறது என்று புரிந்துகொள்ளலாம்.

"ஆனால் உண்மையில்..." என்று திரும்பும் எண்ணங்களுக்கு, அதாவது முதலில் ஒன்றைச் சொல்லி நாலாவது படியில் அதையே மறுக்கும் எண்ணங்களுக்கு, த்ரெட் ஆகவே ஆகாது. மறுப்பு வந்து சேர்வதற்குள் முதல் பாதி ஊர் சுற்றப் போய்விடும்.

வாடகை வீட்டு த்ரெட்டுக்குத் திரும்புவோம். கேட்க வேண்டியது ஒரே கேள்வி: உங்கள் ஊர், யூனிட்டுக்கு நீங்கள் கொடுக்கும் விலை, சப்மீட்டர் உண்டா. பில்லின் படத்தைக் கேட்கக் கூடாது. பில்லில் இணைப்பு எண்ணும் பெயரும் இருக்கும். கேட்டால் யோசிக்காமல் பொதுவில் போட்டுவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். பில் பார்த்தே ஆக வேண்டும் என்றால் அந்தப் பகுதியை மட்டும் மடல் வாசகர்களிடம் கேட்கலாம். மடலுக்குப் பதில் போட்டால் அது அனுப்பியவருக்கு மட்டுமே போகும். த்ரெட்டில் வரும் பதில்களை இரண்டு மூன்று நாளுக்குள் தனியாக ஒரு தாளில் எடுத்து எழுதிவிடுவது அவசியம். பிறகு தேடினால் பாதி கிடைக்காது, கணக்கை மூடியவர்களின் பதில்கள் போயே போய்விடும்.

ஒரு எச்சரிக்கையும் இங்கே சொல்ல வேண்டும். த்ரெட்டில் வந்த பதில்களைக் கணக்கெடுப்புபோல எழுதக் கூடாது. அதிகம் கொடுப்பவர்தான் ஆத்திரத்தில் பதில் போடுவார், நியாயமான விலை கொடுப்பவர் பேசாமல் தாண்டிப் போவார். என்னென்ன விதமான ஏற்பாடுகள் இருக்கின்றன என்பதை அந்தப் பதில்கள் காட்டும். எத்தனை வீட்டில் எது என்பதைக் காட்டாது.

மூன்றாவது எண்ணம்தான் மூன்றிலும் கனமானது. 300 யூனிட் பயன்படுத்தும் இரண்டு வீடுகள், அதே 2022 கட்டணத்தில், ஆளுக்கு 675 ரூபாய் கட்டும், சேர்த்து 1,350. ஒரே இணைப்பில் வாழும் ஒரு பெரிய குடும்பம் அதே 600 யூனிட்டுக்கு 2,750 கட்டும். மின்சாரம் அதே அளவு, பில் இரண்டு மடங்கு. ஸ்லாபை இணைப்புக்கு என்று வைப்பது கூட்டாக வாழ்பவர்களுக்கு எதிராகப் போகிறதா என்பதுதான் இங்கே கேள்வி. இதற்கு மறுபக்கம் வலுவாகவே இருக்கிறது. 500க்கு மேல் போகும் வீடுகளில் ஏசி வைத்த சிறிய குடும்பங்களும் உண்டு. ஸ்லாபுக்குத் தலையை எண்ண முடியாது, மீட்டரைத்தான் எண்ண முடியும். ஒரே வீட்டுக்கு இரண்டு இணைப்பு வாங்குவது பற்றிய விதிகளையும் இந்த வாதம் தொட்டாக வேண்டும். எழுதுபவருக்கே முடிவு இன்னும் முழுதாக உறுதிப்படவில்லை.

இந்த எண்ணம் த்ரெட்டுக்குப் போனால் 1,350 என்றும் 2,750 என்றும் இரண்டு எண்கள் மட்டும் பிய்ந்து, கட்சிச் சண்டையில் கல்லாகப் பறக்கும். வலைப்பதிவுக்கு முதலில் போனால், கணக்கைத் தேடி வந்தவர் பாதி வெந்த வாதத்தில் விழுவார். இதற்கு வேண்டியது, ஸ்லாப் என்றால் என்ன என்று மறுபடி விளக்க வேண்டாத, பொறுமையாகப் படிக்கிற, கருத்து மாறினால் அதையும் கேட்டுக்கொள்கிற அதே ஆட்கள். அடுத்த மாதம் "போன மடலில் சொன்னதில் இந்த இடம் தவறு" என்று எழுதினால், முதல் மடலைப் பெற்றவர்கள் கையிலேயே அது போய்ச் சேரும். இது மடல்.

மடலில் நீளம் ஒரு பொருட்டில்லை என்று சொல்வார்கள். தமிழில் அது பொருட்டுதான். ஒரு மடலின் அளவு ஏறத்தாழ 102 கேபியைத் தாண்டினால் ஜிமெயில் மீதியை மறைத்துவிட்டு, கீழே `[Message clipped]` என்று காட்டும். மேலே பார்த்ததுபோல ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் மூன்று பைட். ஆயிரம் தமிழ்ச் சொற்கள் வெறும் எழுத்தாகவே 25 கேபியைத் தொடும். அதற்கு மேல் மடலின் வார்ப்பு, பொத்தான்கள், சொடுக்கைக் கணக்கிட நீட்டி எழுதப்படும் இணைப்புகள் எல்லாம் சேரும். வேர்டிலிருந்து ஒட்டினால் பத்திக்குப் பத்தி எழுத்துரு விவரமும் ஒட்டிக்கொண்டு வரும். ஆங்கிலத்தில் எழுதுபவர் நினைத்தே பார்க்காத இந்த எல்லையைத் தமிழில் இரண்டாயிரம் சொல்லைத் தாண்டும்போதே முட்டிவிடலாம். வெட்டுப்பட்டால் முடிவு மட்டும் போவதில்லை. அடியில் இருக்கும் விலகல் இணைப்பும் மறையும், விலக வழி தெரியாதவர் ஸ்பேம் பொத்தானை அழுத்துவார். மடலை ஊருக்கு அனுப்பும் முன் சொந்த ஜிமெயிலுக்கு ஒன்று அனுப்பி, கடைசி வரி தெரிகிறதா என்று பார்த்துவிடுவதே பாதுகாப்பு.

எத்தனை பேர் திறந்தார்கள் என்ற எண்ணை வைத்து மடலின் வெற்றியை அளக்க வேண்டாம். 2021 செப்டம்பரில் ஆப்பிள் தன் மெயில் செயலியில் கொண்டுவந்த தனியுரிமை வசதி, வாசகர் திறந்தாலும் திறக்காவிட்டாலும் மடலின் படங்களை முன்கூட்டியே இறக்கிக்கொள்கிறது. அந்தப் படங்களில் ஒன்றுதான் திறப்பைக் கணக்கிடும் கண்ணுக்குத் தெரியாத படம். பதில் மடல்களை எண்ணுங்கள். என்ன கேட்டு வருகின்றன என்று பாருங்கள். "இதற்கு லிங்க் உண்டா, தம்பிக்கு அனுப்ப வேண்டும்" என்று இரண்டு மூன்று பதில் வந்தால், மடலுக்குள் வலைப்பதிவுக்கு உரிய ஒரு பகுதி மாட்டிக்கொண்டிருக்கிறது. "நீங்கள் சொல்வதை ஒப்புக்கொள்ள முடியவில்லை, ஏனென்றால்..." என்று நாலு பத்தி வந்தால், எண்ணம் சரியான இடத்துக்குத்தான் போயிருக்கிறது.

சப்ஸ்டாக் போன்ற தளங்களில் மடலும் பதிவும் ஒன்றாகவே வெளியாவதால் இந்தப் பிரிவினை தேவையில்லை என்று தோன்றலாம். தேவைதான். ஒரே பொத்தான் இரண்டையும் செய்தாலும், இணையப் பக்கத்தைத் திருத்தும்போது பெட்டிக்குப் போன மடல் மாறாது. அங்கே 501 கணக்கைப் போட்டு, கட்டணம் மாறியதும் பக்கத்தை மட்டும் திருத்தினால், மடலைச் சேமித்து வைத்தவர் கையில் பழைய எண் அப்படியே இருக்கும். கணக்கை இணையப் பக்கமாக மட்டும் வெளியிட்டு, மடலில் அதற்கு இணைப்பு கொடுப்பதே சரி. மாறும் எண்கள் மடலின் உடலுக்குள் வரக் கூடாது. வாதத்துக்காக வந்தே தீர வேண்டும் என்றால், 1,350க்குப் பக்கத்தில் "2022 கட்டணம்" என்று எழுதிவிட வேண்டும்.

வரிசையும் இதிலிருந்து தானாக விழுகிறது. முதலில் வலைப்பதிவில் கணக்கு வெளியாகட்டும். மற்ற இரண்டும் சுட்டிக்காட்ட ஒரு நிலையான முகவரி வேண்டும். அடுத்த நாள் வாடகை வீட்டுக் கேள்வியோடு த்ரெட், அதில் கணக்குக்கு இணைப்பு. இரண்டு வாரம் கழித்து மடல். அதற்குள் த்ரெட்டில் வந்த ஏற்பாடுகளின் வகைகள் கையில் இருக்கும். வாடகைக்கு இருப்பவருக்கு 500 எல்லை தன் பயன்பாட்டால் வருகிறதா, ஒரே இணைப்பில் இருக்கும் பக்கத்துப் போர்ஷனால் வருகிறதா என்ற புதுக் கேள்வி அந்தப் பதில்களிலிருந்து எழுந்தால், கூட்டுக் குடும்ப வாதத்தின் போக்கையே அது மாற்றிவிடும். அந்த மடலுக்கு வந்த மறுப்புகளில் நிலைத்து நிற்பவற்றைச் சேர்த்து, ஒரு மாதம் கழித்து வாதத்தையும் தனிப் பதிவாக்கலாம். பதில் எழுதியவர்களின் வரிகளை எடுத்தாளும் முன் அவரவரிடம் ஒரு வரி கேட்டுவிடுங்கள், அவர்கள் ஊருக்கு எழுதவில்லை, உங்களுக்கு எழுதினார்கள்.